மூடிய புத்தகமும் இடைவெளியும்: பிளஸ் டூ வேதியியலைத் திருப்ப ஒரு திட்டம்

"சார், பெரம்பூரில் இருக்கிறேன். ஸ்டேட் போர்டு, பிளஸ் டூ. வேதியியல் பாடம் பதினைந்தையும் இரண்டு தடவை படித்து முடித்துவிட்டேன். படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கிறது. அரையாண்டில் 70-க்கு 36. ஆர்கானிக்கில் ஒரு வினை கேட்டால் இன்னொன்றை எழுதிவிட்டு வருகிறேன். மார்ச்சில் பப்ளிக். புத்தகத்தை மூடிவிட்டு ஞாபகப்படுத்தி எழுது, இடைவெளி விட்டுத் திருப்பு என்று சொல்கிறார்கள். அதை வேதியியலுக்கு எப்படித் திட்டமாகப் போடுவது? டியூஷன் முடிந்து வர எட்டரை ஆகிவிடும். 29C-யில் போக வரவும் நேரம் போகிறது."

தம்பி, அட்டவணை போடுவதற்கு முன்னால் அரையாண்டு விடைத்தாளை எடுத்து வை. இழந்த 34 மதிப்பெண்ணில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு எழுத்து போடு. ஒன்றுமே வரவில்லை என்றால் 'வ'. வேறு எதையோ எழுதியிருந்தால் 'மா'. சரியானதைத்தான் எழுதியிருக்கிறாய், ஆனால் வெப்பநிலை இல்லை, வினைப்பொருளின் அமைப்பு தப்பு, சமன்பாடு சமன் ஆகவில்லை என்றால் 'கு'. இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. 'வ' போட்ட இடங்களுக்குத் தேவை, முதலில் நெருக்கமாகவும் பிறகு தள்ளித் தள்ளியும் ஞாபகப்படுத்துவது. 'மா' போட்டவற்றை ஒன்றோடொன்று கலந்து கேட்க வேண்டும். 'கு' என்பது பெரும்பாலும் உனக்கு நீயே திருத்திக்கொள்ளும்போது காட்டும் தாராளத்தின் விளைவு. நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் உன் ஆர்கானிக் பிரச்சினை 'மா' வகை. அதற்கு இன்னொரு தடவை வாசிப்பது ஏன் உதவாது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

படிக்கும்போது தெரிந்த மாதிரி இருப்பது உனக்கு மட்டும் நடப்பது இல்லை. 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு சிறிய பத்தியை ஒரு பிரிவினர் இரண்டு முறை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு முறை படித்துவிட்டு, தாளை மூடி, ஞாபகம் இருப்பதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்தவர்களே முன்னால் இருந்தார்கள்: 81 சதவீதம், எதிரணி 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்தவர்கள் 42-க்கு விழுந்துவிட்டார்கள். மூடி எழுதியவர்களுக்கு 56. உன் இரண்டு ரவுண்டு படிப்பும் அந்த ஐந்து நிமிடக் கணக்கில்தான் உனக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் அச்சாகி இருக்கும் சமன்பாட்டைக் கண் அடையாளம் கண்டுகொள்கிறது, அதை வரும் என்று எடுத்துக்கொண்டு விடுகிறோம்.

இடைவெளி எவ்வளவு என்பதற்கும் ஓரளவு கணக்கு இருக்கிறது. செபேடாவும் அவருடைய குழுவினரும் 2008-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வில், தேர்வு எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்துச் சிறந்த இடைவெளி மாறுகிறது என்று கண்டார்கள். தேர்வு ஒரு வாரத்தில் என்றால் அந்த நாட்களில் 20 முதல் 40 சதவீதம், ஒரு வருடத்தில் என்றால் 5 முதல் 10 சதவீதம். உனக்கு இருப்பது இரண்டு மாதம். இரண்டுக்கும் நடுவில் எடுத்துக்கொண்டால் ஒரு வாரம், பத்து நாள் இடைவெளி. அவர்கள் கேட்டது பொது அறிவுத் துணுக்குகள், வேதியியல் இல்லை. அதனால் இதை ஒரு திசைகாட்டியாக வைத்துக்கொள், ஒரு நாள் முன்பின் ஆனால் எதுவும் கெட்டுவிடாது.

சரி, இப்போது ஒரு பகுதியை எடுத்து முழுதாகச் செய்து பார்ப்போம். 11-ஆம் பாடம் ஹைட்ராக்ஸி சேர்மங்களும் ஈதர்களும். முதல் விஷயம், பாடத்தை முழுதாக ஒரு அலகாக வைத்துக்கொள்ளாதே. ஆல்கஹால், பீனால், ஈதர் மூன்றையும் ஒரே உட்காரலில் மூடி எழுத முடியாது, பாதியில் புத்தகத்தைத் திறந்துவிடுவாய். பீனாலின் வினைகள் மட்டும் ஒரு அலகு. இருபது நிமிடத்தில் எழுதி, திருத்தி முடிக்கும் அளவு.

லாங் சைஸ் நோட்டில் ஒரு பக்கத்தில் கேள்விகளை மட்டும் எழுது. விடையை எழுதாதே, விடை புத்தகத்தில் இருக்கிறது. கேள்வியைப் பாட வரிசையில் எழுதாமல் கலைத்து எழுது. வரிசையில் இருந்தால் ஒவ்வொரு விடையும் அடுத்ததைத் தானாக இழுத்துக்கொண்டு வந்துவிடும், தேர்வில் அந்த இழுப்பு கிடைக்காது. பீனாலுக்கு என்னுடைய பக்கம் இப்படி இருக்கும்: பீனாலிலிருந்து சாலிசிலிக் அமிலம். பீனாலிலிருந்து சாலிசிலால்டிஹைடு. பீனாலிலிருந்து பென்சீன். பீனாலோடு புரோமின் நீர் சேர்த்தால் என்ன, CS2-இல் கரைத்த புரோமினைக் குறைந்த வெப்பநிலையில் சேர்த்தால் என்ன, ஏன் வித்தியாசம்? பிக்ரிக் அமிலம் எப்படி வரும்? பீனாலோடு பென்சாயில் குளோரைடு, NaOH சேர்ந்தால் வரும் வினையின் பெயர் என்ன? பீனாப்தலீன் தயாரிக்க என்னென்ன வேண்டும்? பீனாலையும் எத்தனாலையும் எப்படிப் பிரித்து அறிவாய்?

இவற்றில் பாதியைத் தலைகீழாகவும் கேட்க வேண்டும். 'பீனாலிலிருந்து பென்சீன் எப்படி வரும்?' என்பதற்கு எழுதத் தெரிந்த பிள்ளை, 'A என்ற சேர்மத்தைத் துத்தநாகத் தூளுடன் வெப்பப்படுத்தினால் பென்சீன் கிடைக்கிறது, A எது?' என்றால் நின்றுவிடுகிறது. முன்னாலிருந்து பின்னாலும், பின்னாலிருந்து முன்னாலும் போவது இரண்டு தனித்தனி வேலை. ஐந்து மதிப்பெண்ணில் A, B, C கண்டுபிடி என்று கேட்பது இந்தப் பின்னோக்கிய பாதையைத்தான்.

அடுத்தது திருத்துவது. இங்கேதான் பலர் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். கோல்ப் வினைக்கு நீ இப்படி எழுதுகிறாய் என்று வைத்துக்கொள்: பீனால், அம்புக்குறி, அதன் மேல் CO2, பிறகு சாலிசிலிக் அமிலம். புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு, 'ஆமாம், இதுதான்' என்று டிக் போட்டுவிடத் தோன்றும். போடாதே. புத்தகத்தில் முதலில் NaOH வருகிறது, பீனால் சோடியம் பீனாக்சைடாக மாறுகிறது. அதன் மேல்தான் CO2, 400 K, 4 முதல் 7 பார் அழுத்தம். கடைசியில் அமிலம் சேர்த்து நீராற்பகுப்பு. நீ எழுதியதில் மூன்று துண்டுகள் இல்லை. விடைத்தாள் திருத்துபவர் ஒரு மதிப்பெண் போடலாம், உன் நோட்டில் அது தவறுதான். விதி இது: வினைபடு பொருள், வினைக்காரணி, நிபந்தனை, வினைப்பொருளின் அமைப்பு, இந்த நான்கும் இருந்தால்தான் டிக். ஒன்று குறைந்தாலும் பெருக்கல் குறி.

தவறானதைச் சிவப்பில் திருத்தி எழுதிவிட்டு நகர்ந்துவிடாதே, ஒரு 'ஏன்' கேள். ஏன் பீனாலாகவே விடாமல் பீனாக்சைடாக மாற்றுகிறார்கள்? CO2 வலுவில்லாத எலக்ட்ரான் கவர் பொருள். பீனாலின் வளையத்தை அது எளிதில் தாக்காது. பீனாக்சைடில் ஆக்சிஜன் மேல் எதிர்மின்சுமை இருப்பதால் வளையத்தில் எலக்ட்ரான் அடர்த்தி அதிகம், அதனால் CO2 போய்ச் சேர முடிகிறது. இது புரிந்தால் NaOH-ஐ மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. 400 K-க்கும் 4 முதல் 7 பாருக்கும் இப்படிக் காரணம் சொல்லி வரவழைக்க முடியாது. அவை வெறும் எண்கள், திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆக, ஒரே வினைக்குள் காரணத்தால் நிற்கும் பகுதியும் ஞாபகத்தால் மட்டும் நிற்கும் பகுதியும் இருக்கின்றன. எது எது என்று பிரித்துத் தெரிந்துகொண்டாலே கேட்க வேண்டிய கேள்விகள் பாதியாகக் குறையும். புரோமின் விஷயமும் இப்படித்தான்: தண்ணீரில் பீனால் ஓரளவு அயனியாகிப் பீனாக்சைடு கிடைக்கிறது, வளையம் அதிகம் கிளர்வுற்று மூன்று இடத்திலும் புரோமின் ஏறி 2,4,6-டிரைபுரோமோ பீனால் வெள்ளை வீழ்படிவாக வருகிறது. CS2-இல் அப்படி அயனியாவது கிடையாது, ஒரு புரோமின்தான் ஏறுகிறது.

இன்னொன்று: எழுது, வாயால் சொல்லாதே. 'சாலிசிலால்டிஹைடு வரும்' என்று வாய் சொல்லிவிடும். CHO எந்த இடத்தில் உட்கார்கிறது என்று கேட்டால்தான் தெரியும், OH-க்குப் பக்கத்துக் கார்பனில் போடத் தெரிகிறதா என்று. பஸ்ஸில் நின்றுகொண்டு அமைப்பு வரைய முடியாதுதான். 29C-க்கு வேறு வேலை வைத்துக்கொள்: பெயர், நிறம், வெப்பநிலை மட்டும். மாண்ட் முறையில் நிக்கல் கார்பனைல் எந்த வெப்பநிலையில் உண்டாகிறது, எதில் சிதைகிறது? 350 K, 460 K. வான் ஆர்கல் முறையில் டைட்டானியம் அயோடினோடு சேர்வது 550 K, சிதைவது 1800 K. இந்த மாதிரித் துணுக்குகள் ஒரு மதிப்பெண்ணிலும் இரண்டு மதிப்பெண்ணிலும் வரும், நோட்டும் பேனாவும் இல்லாமல் கேட்டுக்கொள்ளலாம். ஒரு சின்னத் தாளில் கேள்விகளை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் போதும். ஆப் வேண்டுமா என்று என்னிடம் பலர் கேட்பதுண்டு. தானாகத் தேதி கணக்கிடும் என்பதைத் தவிர அதில் பெரிய லாபம் இல்லை, பென்சீன் வளையத்தை அதில் வரைவதும் எரிச்சல்.

தேதிக்கு வருவோம். பீனால் பகுதியை ஜனவரி 6-ஆம் தேதி படித்து, அன்றே மூடி எழுதுகிறாய் என்று கொள்வோம். பத்துக் கேள்வியில் நான்கு தேறும், அதில் தப்பே இல்லை. தவறிய ஆறையும் திருத்தி, கால் மணி நேரம் வேறு ஏதாவது படித்துவிட்டு அந்த ஆறை மட்டும் மறுபடி எழுது. எல்லாம் ஒரு முறையாவது சரியாக வரும் வரை அன்றைக்கு விடாதே. அடுத்து ஜனவரி 8, பத்தும். அதற்கு அடுத்தது ஒன்பது நாள் தள்ளி, பொங்கல் விடுமுறைக்குள் 17-ஆம் தேதி. பண்டிகையைத் தொந்தரவு செய்யாமல் நடுவில் இருக்கும் மறதியை இடைவெளியாகப் பயன்படுத்திக்கொள்கிறோம். பிறகு பிப்ரவரி 7. கடைசியாக 25-ஐ ஒட்டி. ஜனவரி 17-இல் உனக்குச் சில வினைகள் நாக்கு நுனியில் நிற்கும், வராது. உடனே புத்தகத்தைத் திறக்காமல் ஒரு நிமிடம் போராடு, தெரிந்த துண்டையாவது எழுது. அந்தத் தடுமாற்றம்தான் இந்த முறையில் வேலை செய்கிற பகுதி. முழுக்கச் சுலபமாக வந்தால் அந்த நாள் வீண் என்றுகூடச் சொல்வேன்.

தேதியை எல்லாக் கேள்விக்கும் ஒரே மாதிரி வைக்கவும் வேண்டாம். 8-ஆம் தேதியும் 17-ஆம் தேதியும் சரியாக வந்த கேள்விக்கு பிப்ரவரி 7-ஐ விட்டுவிட்டு நேராகக் கடைசித் தேதிக்குப் போ. 17-இல் தவறியதை 19-க்குக் கொண்டுவா. கேள்விக்குப் பக்கத்தில் டிக், பெருக்கல் குறிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டே போனால் எதை எப்போது கேட்க வேண்டும் என்பது பார்த்தவுடனே தெரியும்.

இனி உன் உண்மையான பிரச்சினை, 'மா'. பீனாலைத் தனியாக, அமீனைத் தனியாக, கார்பனைலைத் தனியாக எவ்வளவு நன்றாக எழுதிப் பார்த்தாலும் தேர்வில் மாறிப்போகலாம். ஏனென்றால் வீட்டில் பீனால் பக்கத்தைத் திறந்தபோதே 'இது பீனால்' என்ற துப்பு உனக்குக் கிடைத்துவிட்டது. தேர்வில் அந்தத் துப்பு கிடையாது. அதனால் பிப்ரவரியில் பாட வாரியாகக் கேட்பதை நிறுத்திவிட்டு வினைக்காரணி வாரியாகப் பக்கம் போடு. ஒரு பக்கத்தின் தலைப்பில் CHCl3 + காரம் என்று எழுது. கீழே: பீனாலோடு என்ன, அனிலினோடு என்ன? பீனாலோடு ரீமர்-டீமன், சாலிசிலால்டிஹைடு. அனிலினோடு கார்பைலமீன் வினை, நாற்றம் பிடித்த பினைல் ஐசோசயனைடு. இரண்டு பாடத்தில் தனித்தனியாகக் கிடக்கும் இவை ஒரே பக்கத்தில் வந்தால்தான், 'குளோரோஃபார்ம் வந்தால் முதலில் OH-ஆ NH2-ஆ என்று பார்' என்ற பழக்கம் வரும்.

அடுத்த பக்கம் துத்தநாகம். துத்தநாகத் தூள் பீனாலோடு பென்சீன் தருகிறது. இரசக்கலவையாக, Zn-Hg, அடர் HCl உடன், கார்பனைலை CH2 ஆக ஒடுக்குகிறது, அது கிளமன்சன். நைட்ரோபென்சீனோடு NH4Cl சேர்ந்தால் N-பினைல் ஹைட்ராக்சிலமீன், NaOH சேர்ந்தால் ஹைட்ரசோபென்சீன். ஒரே உலோகம், ஊடகம் மாறினால் விளைபொருள் மாறுகிறது. இன்னொரு பக்கம் புரோமின்: பீனாலோடு, அனிலினோடு, அமைடோடு. கடைசியில் வருவது ஹாஃப்மன், KOH-உடன் சேர்ந்து ஒரு கார்பனைக் குறைத்து அமீன் தருகிறது. நைட்ரஸ் அமிலத்துக்கு ஒரு பக்கம்: எத்திலமீனோடு ஆல்கஹால், அனிலினோடு 273 முதல் 278 K-இல் டயசோனியம் உப்பு, ஈரிணைய அமீனோடு மஞ்சள் நிற எண்ணெய் போன்ற N-நைட்ரோசோ அமீன். இப்படி எட்டு ஒன்பது பக்கம் போட்டால் ஆர்கானிக்கில் மாறிப்போகும் இடங்களில் பெரும்பாலானவை அடங்கிவிடும். கைடில் இப்படி ஒரு தொகுப்பு இருந்தாலும் அதைப் பார்த்து நகல் எடுக்காதே. எந்தெந்த வினை எந்தப் பக்கத்தில் சேரும் என்று புத்தகத்தை மூடிவிட்டு யோசித்துப் பக்கத்தை உண்டாக்குவதே ஒரு முழுத் திருப்புதல்.

கலப்பதை ஜனவரியிலேயே ஆரம்பித்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். தனியாக ஒரு முறை கூடச் சரியாக வராத வினையைக் கலந்து கேட்டால் குழப்பம்தான் கூடும். இரண்டு டிக் விழுந்தவை மட்டும் கலவைப் பக்கத்துக்குப் போகட்டும்.

கணக்குகளுக்கு இதே முறையை அப்படியே போட்டால் சறுக்கும். நெர்ன்ஸ்ட் சமன்பாட்டைச் சரியாக எழுதத் தெரிந்தும் கணக்கு வராத பிள்ளைகள் நிறைய. சூத்திரத்தை ஞாபகப்படுத்துவது ஒன்று, கணக்கில் எதை எங்கே போடுவது என்பது வேறொன்று. புரியாத வகைக் கணக்கில் மூடிய புத்தகத்தோடு உட்கார்ந்து தத்தளிப்பதில் பயன் குறைவு. முதலில் தீர்த்துக் காட்டிய கணக்கு இரண்டை வரி வரியாகப் படி. மூன்றாவதில் கடைசி இரண்டு வரியை மூடிவிட்டு நீ முடி. நான்காவதை முழுதாக நீயே போடு. அதற்கு அப்புறம்தான் இடைவெளி.

ஓர் எடுத்துக்காட்டு. துத்தநாக-தாமிர மின்கலம், E° 1.10 V, Zn2+ செறிவு 0.1 M, Cu2+ செறிவு 0.01 M, 25°C. E-ஐக் காண்க.

```
E = E° − (0.0591/n) log([Zn2+]/[Cu2+])
  = 1.10 − (0.0591/2) log(0.1/0.01)
  = 1.10 − 0.0296
  = 1.07 V
```

இதில் பிள்ளைகள் தவறுவது மூன்றே இடத்தில். n-ஐ 1 என்று போடுவது, பின்னத்தைத் தலைகீழாகப் போடுவது, log 10-க்குப் பதில் 10-ஐயே பெருக்குவது. பின்னம் தலைகீழானால் 1.13 V வரும். அது தவறு என்று விடையைப் பார்க்காமலே சொல்ல முடியும்: துத்தநாக அயனி, அதாவது வினைவிளை பொருள், அதிகமாக இருக்கிறது, அதனால் மின்னழுத்தம் 1.10-ஐ விடக் குறைய வேண்டும். இந்தச் சோதனைக் கேள்வியையும் உன் நோட்டில் ஒரு கேள்வியாக எழுதிக்கொள்: 'Zn2+ கூடினால் E கூடுமா குறையுமா, ஏன்?'

கணக்கில் கலப்பது இன்னும் முக்கியம், அதற்கு நேரத்தை மிச்சப்படுத்தும் ஒரு வழி உண்டு. வேகவியல், அயனிச் சமநிலை, மின் வேதியியல் மூன்றிலிருந்தும் பத்துக் கணக்கைக் கலந்து எடு. எதையும் போடாதே. எந்தச் சமன்பாடு, எதற்கு எந்த மதிப்பு, எதைக் காண வேண்டும் என்பதை மட்டும் எழுது. பத்துக்கும் கால் மணி நேரம். 'முதல் வகை வினை 99.9 சதவீதம் முடிய ஆகும் நேரம் அரை வாழ்நாளைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு என நிறுவுக' என்று இருந்தால், [A0]-ஐ 100, [A]-ஐ 0.1 என்று எடுத்து t = (2.303/k) log 1000, அதை 0.693/k ஆல் வகு, இவ்வளவு எழுதினால் போதும். [A]-ஐ 99.9 என்று எழுதினாயானால் உன் தவறு எங்கே என்று கணக்குப் போடாமலே தெரிந்துவிட்டது. பிறகு பத்தில் இரண்டை மட்டும் விடை வரை போடு, மடக்கை அட்டவணைப் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க.

ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. நான்கு விடைகளையும் கையால் மறைத்துக்கொண்டு விடையை எழுதிவிட்டு அப்புறம் பார். புக் பேக்கை பலமுறை போட்டவர்களுக்கு 'இதற்கு விடை இ' என்பதுதான் ஞாபகத்தில் நிற்கிறது. கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் தடுமாறுகிறார்கள்.

இப்போது மொத்த நேரம். பதினைந்து பாடத்தையும் பீனால் மாதிரிப் பிரித்தால் ஏறக்குறைய முப்பது பகுதி வரும். விடைத்தாளில் ஒரு குறியும் விழாத பகுதிகளுக்கு இரண்டு உட்காரல் போதும், ஜனவரி கடைசியில் ஒன்று, பிப்ரவரி கடைசியில் ஒன்று. மீதிக்கு ஐந்து. சரிபாதி என்று வைத்தால் நூறு உட்காரலுக்குச் சற்று மேல், ஒவ்வொன்றும் இருபது நிமிடம். எட்டு வாரத்துக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய நாற்பது நிமிடம். டியூஷன் முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு இரண்டு உட்காரல் முடியும், மூன்றாவதுக்கு ஆசைப்படாதே. மற்ற பாடமும் இருக்கிறது.

இந்தக் கணக்கில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. உற்சாகத்தில் முதல் வாரமே பத்துப் பகுதியை ஆரம்பித்தால், அவை எல்லாம் ஒன்பது நாள் கழித்து ஒரே வாரத்தில் திரும்பி வந்து நிற்கும், அந்த வாரமே திட்டம் உடைந்துவிடும். புதுப் பகுதி ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். எல்லாம் ஜனவரி முடிவதற்குள் ஆரம்பமாகிவிட வேண்டும். 'வ' அதிகம் விழுந்தவை முதலில், அவற்றுக்குத்தான் அதிக இடைவெளிகள் தேவை. புத்தக வரிசைப்படி உலோகவியலில் இருந்து தொடங்குவது வழக்கம். அப்படிச் செய்தால் முதல் தொகுதி நன்றாக ஊறி, ஆர்கானிக் கடைசியில் ஒரே ஒரு இடைவெளியோடு தேர்வுக்குப் போகும்.

ஒரு நாள் விட்டுப்போனால் எல்லாத் தேதியையும் ஒரு நாள் தள்ளாதே, திட்டம் மார்ச்சுக்கு அந்தப் பக்கம் போய்விடும். அன்று வர வேண்டிய பக்கங்களில் கடைசியாகப் பெருக்கல் குறி வாங்கிய கேள்விகளை மட்டும் மறுநாள் சேர்த்துக்கொள், மற்றதை விட்டுவிடு. பள்ளியில் ரிவிஷன் டெஸ்ட் வைத்தால் அதையும் ஒரு உட்காரலாகக் கணக்கில் எடு. விடைத்தாள் வந்ததும் மறுபடி 'வ', 'மா', 'கு' போடு. செய்முறைத் தேர்வு வாரத்தில் புதிதாக எதையும் தொடாமல் சிவப்புக் குறிகளை மட்டும் பார்.

வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள, ஒன்பது நாள் இடைவெளிக்குப் பிறகு எழுதும் பக்கத்தைப் பார். பத்தில் பத்தும் டிக் என்றால் சந்தேகப்படு. இடைவெளி குறைவாக இருக்கும், அல்லது கேள்வி வரிசை மனப்பாடம் ஆகியிருக்கும், அல்லது திருத்தலில் தாராளம். கேள்விகளைக் கலைத்து, பின்னோக்கியும் கேட்டுப் பார். பத்தில் ஐந்துக்குக் கீழே என்றால் அந்தப் பகுதியை நீ முதல் நாளே சரியாக முடிக்கவில்லை. இடைவெளியைக் குறைத்து மறுபடி ஆரம்பி. ஆறு, ஏழு, எட்டு என்ற இடத்தில் இருந்தால் தொடர்ந்து போ. ஒரே கேள்வி மூன்று முறை தவறினால் அது ஞாபக மறதி கிடையாது. பெரும்பாலும் அடியில் ஏதோ புரியாமல் இருக்கிறது. கானிசரோ வினை உள்ளே நிற்கவே இல்லை என்றால், ஆல்ஃபா ஹைட்ரஜன் என்றால் என்ன என்பதே தெளிவாக இருக்காது. அது தெரியாமல் எந்த ஆல்டிஹைடு ஆல்டால் தரும், எது கானிசரோ தரும் என்று பிரிக்க முடியாது. அந்த ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு உன் டியூஷன் சாரிடம் போ, நான்காவது முறை எழுதிப் பார்க்காதே.

பிப்ரவரி நடுவிலிருந்து வாரம் ஒரு முழுத்தாள், மூன்று மணி நேரம், 70 மதிப்பெண். முதல் தாளுக்குப் பழைய பொதுத்தேர்வுத் தாள் ஏதாவது எடு, அரையாண்டுத் தாளை மறுபடி எழுதாதே, அதன் விடைகள் ஏற்கெனவே உனக்குத் தெரியும். தேர்வுக்கு முந்தின நாள் நோட்டைத் திறந்து, கடைசி வரிசையில் இன்னும் பெருக்கல் குறியாக நிற்பவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதி எடு. முப்பதுக்குள் இருக்கும். காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை அவற்றை மட்டும் மூடி எழுதிப் பார்த்துவிட்டு, ஒன்பதரைக்குத் தூங்கிவிடு.